“ஓட்டம் இல்லை” என்றால் என்ன?

குடும்ப சுகாதாரம்

சில வாரங்களுக்கு முன்னர் வாசகி ஒருவரிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய மகள் தலைப்பிள்ளைக்காரி. ஏழாம் மாதம் நடக்கின்றது. பிள்ளையின் வளர்ச்சி போதாதென்று கிளினிக்கிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கின்றார்கள். அங்கே ஸ்கான் எடுத்துப் பார்த்த வைத்தியர், தொப்புட்கொடியில் “ஓட்டம் இல்லை” என்று தாதியிடம் கூறியது மகளின் செவியில் விழுந்துவிட்டது. “ஓட்டம் இல்லையென்றால் என் பேரப்பிள்ளைக்கு உயிர் இல்லையென்றுதானே பொருள்? ஆனால் பிள்ளை துடிக்கின்றது என்று மகள் சொல்கின்றாள். அவளுடைய மாமியோ, சிறிய பிள்ளையென்றால் சுகமாய்ப் பிறக்கும், நாலு நாள் வீட்டில் வைத்து நல்ல சாப்பாடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், துண்டு வெட்டிக்கொண்டு வாருங்கள் என்கின்றார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?” என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த அன்னைக்கு அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டோம். ஆயினும் இதே சொல்லைக் கேட்டு, ஒரு சாரார் எல்லாம் முடிந்துவிட்டதென்று அழுவதையும், மறு சாரார் ஒன்றுமில்லையென்று வீட்டுக்கு அழைத்துச் செல்வதையும் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இரண்டும் தவறு. ஆதலின் இவ்வாரம் அந்த ஒரு சொல்லின் பொருளையே இங்கு விரித்துக் கூற எண்ணுகின்றோம்.

முதலில் தொப்புட்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள்ளே மூன்று குழாய்கள் உள்ளன. இரண்டு நாடிகள், ஒரு நாளம். பிள்ளையின் சிற்றிதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தடவை அடித்து, தன் உடலைச் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தை அவ்விரு நாடிகள் வழியாகச் சூல்வித்தகத்துக்கு அனுப்புகின்றது. பிரசவத்தின் பின்னர் விழும் ‘நஞ்சு’ என்று நம் வீடுகளில் வழங்குவது இச்சூல்வித்தகமே. அங்கே அந்த இரத்தம் மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து, தாயின் இரத்தத்தில் தோய்ந்து கிடக்கும் எண்ணற்ற தளிர்களுக்குள் ஓடுகின்றது. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் கலப்பதில்லை. நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கின்றது. அச்சவ்வின் ஊடாக ஒட்சிசனையும் உணவையும் பெற்றுக்கொண்டு, புத்திரத்தம் நாளத்தின் வழியே பிள்ளையிடம் திரும்புகின்றது. எனவே தொப்புள் நாடி என்பது பிள்ளையிடமிருந்து சூல்வித்தகத்துக்குச் செல்லும் பாதை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாதையிற் செல்லும் இரத்தத்தின் போக்கைப் பார்த்தே அப்பால் உள்ள சூல்வித்தகத்தின் நிலையை வைத்தியர் ஊகிக்கின்றார்.

வயிற்றைத் திறவாமல் அந்தப் போக்கைப் பார்ப்பது எப்படி? புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் சுருதி ஏறியும், கடந்து போனபின் சுருதி இறங்கியும் கேட்பதை யாவரும் அறிவோம். இவ்வுண்மையை 1842-ம் ஆண்டிலே பிராக் நகரில் எடுத்துரைத்தவர் கிறிஸ்தியன் டொப்ளர் என்னும் அறிஞர். அவர் கூறியது விண்மீன்களின் ஒளியைப் பற்றி. ஆனால் விதி ஒலிக்கும் அதுவே. நமது செவிக்கு எட்டாத கழியொலி அலைகளை வயிற்றின்மேல் வைத்த கருவி உள்ளே அனுப்புகின்றது. ஓடிக்கொண்டிருக்கும் இரத்தச் சிறுதுணிக்கைகளில் அவ்வலைகள் பட்டுத் திரும்பும்போது அவற்றின் சுருதி மாறிவிடுகின்றது. எவ்வளவு மாறிற்று என்பதிலிருந்து இரத்தம் எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் ஓடுகின்றது என்பதைக் கருவி கணித்துத் திரையிலே அலைக்கோடாக வரைந்து காட்டுகின்றது. தொப்புள் நாடியின் ஓட்டத்தை இம்முறையால் அறியலாமென்று 1977-ம் ஆண்டில் டப்ளின் நகரத்து வைத்தியர்கள் வெளியிட்டனர். அதன் பின்னரே இது கர்ப்பிணிகளின் பரிசோதனையில் இடம்பெறலாயிற்று.

திரையில் தோன்றும் அலை மரமறுக்கும் வாளின் பற்களைப் போன்றது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் கணத்திலே கோடு செங்குத்தாக ஏறி ஒரு சிகரத்தை அடைகின்றது. பின்னர் இதயம் தளரும்போது மெல்லச் சரிந்து வருகின்றது. அடுத்த துடிப்புத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், சரிவின் அடிப்பாகத்திலே எஞ்சியிருக்கும் ஓட்டமே இதயத் தளர்வின் இறுதி ஓட்டம். சுருக்கம் கருதி இதனை இனி ‘இறுதியோட்டம்’ என்போம். நன்றாக வளரும் ஒரு பிள்ளையில் 30-ம் வார அளவில் சிகரத்தின் வேகம் செக்கனுக்கு 40 சென்ரிமீற்றர் என்றால், இறுதியோட்டம் 13 சென்ரிமீற்றர் வரையில் இருக்கும். அதாவது மேலது கீழதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. மாதம் ஏற ஏற இம்மடங்கு குறைந்துகொண்டே போகவேண்டும். ஏனெனில் சூல்வித்தகம் தளிர்த்து விரிய, இரத்தம் செல்லும் வழி இலகுவாகின்றது.

இதயம் தள்ளாத நேரத்திலும் இரத்தம் ஏன் ஓடுகின்றது? யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டை நீரைக் கவிழ்க்கும்போது வாய்க்காலில் ‘குபுக்’ என்று வெள்ளம் எழும். பின்னர் பட்டை மீண்டும் கிணற்றுக்குள் இறங்கி ஏறும்வரை புதுநீர் வராது. ஆயினும் பாத்திகளெல்லாம் திறந்து கிடந்தால், அந்த இடைவேளையிலும் வாய்க்கால் நீர் நிற்காமல் பயிரை நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கும். பாத்தி வாய்கள் பல மண்மூடி அடைபட்டுப் போயின என்று வைத்துக்கொள்வோம். பட்டை கவிழும்போது நீர் முன்னே பாயும். இடைவேளையிலோ செல்ல இடமின்றித் தேங்கி நிற்கும். அடைப்பு இன்னும் மிகுந்தால் நீர் கிணற்றுப் பக்கமாகவே பின்வாங்கும். இறைப்பவனின் வலிமையில் குறையில்லை, குறை பாத்திகளில்.

இதயம் துலா, தொப்புள் நாடி வாய்க்கால், சூல்வித்தகத்தின் தளிர்கள் பாத்திகள். கர்ப்பத்தின் முற்பாதியிலே, தாயின் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் நாடிகள் அகன்று விரிந்து, சூல்வித்தகத்துக்கு இரத்தத்தைத் தாராளமாகக் கொடுக்கவேண்டும். சிலரில் அவை சரிவர விரிவதில்லை. அதனால் தளிர்கள் போதிய வளர்ச்சியின்றி ஒவ்வொன்றாகக் குன்றுகின்றன. தளிர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழுதுற்றபோது அலையின் சரிவு தாழத் தொடங்குகின்றது. பாதிக்கு மேல், அதாவது 60 முதல் 70 சதவீதம் வரை, பயனற்றுப் போகும் நிலையிலேதான் இறுதியோட்டம் அற்றுப்போகின்றது என்று அறிஞர் கணித்துள்ளனர். ஆகவே இறுதியோட்டம் இல்லையென்பது நேற்று வந்த நோயன்று. பல வாரங்களாக நடந்த அழிவின் கணக்கு.

இப்பொழுது அந்தச் சொல்லின் பொருள் வெளியாகும். “ஓட்டம் இல்லை” என்று வைத்தியர் கூறியது இரத்த ஓட்டமே இல்லையென்றன்று. ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தம் பாய்கின்றது; பிள்ளைக்கு உயிர் இருக்கின்றது; இதயம் அடிக்கின்றது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடைப்பட்ட அந்தக் கடைசிக் கணத்திலே மட்டும் ஓட்டம் நின்று, அலை அடிக்கோட்டைத் தொடுகின்றது. முழு வாக்கியம் “இதயத் தளர்வின் இறுதியில் ஓட்டம் இல்லை” என்பதே. அவசரத்தில் பேசிய வைத்தியரின் வாயில் அது இரண்டு சொல்லாகக் குறுகிவிட்டது. கேட்ட தாயின் நெஞ்சில் அது இடியாக விழுந்தது.

இதனைச் சொல்லுமுன் வைத்தியரும் ஒரு முறைக்கு இருமுறை பார்க்கவேண்டும். கருவியும் பொய் சொல்வதுண்டு. கழியொலிக் கதிர் நாடிக்குக் குறுக்காக, செங்கோணத்தை நெருங்கி விழுந்தால், உள்ள ஓட்டமும் இல்லாததுபோற் காட்டும். இரைச்சலை வடிகட்டும் கருவியின் வடியை உயர்வாக வைத்துவிட்டால், மெதுவாகச் செல்லும் இறுதியோட்டத்தையும் அது சேர்த்து வடித்துவிடும். பிள்ளை மூச்சு அசைவு செய்யும்போதும் புரளும்போதும் அலைகள் ஒன்றுபோல் இரா. பிள்ளையின் வயிற்றோடு ஒட்டிய இடத்தில் எடுத்த அளவு, கொடியின் நடுவில் எடுத்ததிலும் கடுமையாகத் தோன்றும். ஆதலால் பிள்ளை அசையாதிருக்கும் வேளையில், நீரில் மிதக்கும் கொடியின் நடுப்பாகத்தில், ஒரே சீரான பல அலைகளைப் பெற்று, மற்றொரு முறையும் சரிபார்த்த பின்னரே முடிவு கூறுவர். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இறுதியோட்டம் இல்லாதிருப்பது இயல்பே என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். இது எவர் ஒருவருடைய கதையுமன்று. இந்நிலையில் வழக்கமாக நிகழ்வதை ஒரு கர்ப்பிணியின்மேல் ஏற்றிக் கூறுகின்றோம்.

அவளுக்கு வயது இருபத்தாறு. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஸ்கான் எடுத்து நாட் கணக்கை உறுதிசெய்திருந்தாள். இஃது எவ்வளவு பயனுடையது என்பது பின்னால் விளங்கும். நாட் கணக்கே பிழையென்றால், சிறிய பிள்ளை எது, இளம் பிள்ளை எது என்று பிரித்தறிய முடியாது. 28-ம் வாரத்திலே குடும்பநல மருத்துவமாது வயிற்றை நாடாவால் அளந்தபோது 24 சென்ரிமீற்றர் இருந்தது. அவ்வேளையில் வாரமும் சென்ரிமீற்றரும் ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். உடனே ஸ்கானுக்கு அனுப்பினார். பிள்ளையின் நிறை 800 கிராம் என்று கணிக்கப்பட்டது. அவ்வாரத்திலே 1,100 முதல் 1,200 கிராம் வரை இருப்பதே வழக்கம்.

நிறை மாத்திரம் தெரிந்தால் போதாது. தாயும் தந்தையும் சிறிய உடம்பினராய் இருந்தால் பிள்ளையும் சிறியதாக, ஆனால் முழுச் சுகத்தோடு இருக்கலாம். பிறப்பிலேயே சிறியதா, அல்லது பசியால் சிறுத்ததா என்ற வினாவுக்கு விடை தருவது தொப்புள் நாடியின் அலை. அவளிடத்தில் சிகரம் 40, இறுதியோட்டம் 8. மும்மடங்காய் இருக்கவேண்டியது ஐம்மடங்காய் இருந்தது. சூல்வித்தகம் குன்றுகின்றது என்பதற்கு இதுவே முதற் சான்று. வாரம் இருமுறை வந்து காட்டும்படி சொன்னார்கள்.

29 வாரமும் 3 நாளும் ஆனபோது இறுதியோட்டம் இல்லை. சிகரம் அப்படியே 40, கீழே பூச்சியம். அன்றே வார்ட்டில் அனுமதித்தார்கள். உடனே வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கவில்லையே ஏன் என்று சிலர் வினவக்கூடும். அங்கேதான் இதன் நுட்பம் இருக்கின்றது. 29-ம் வாரத்தில் பிறக்கும் பிள்ளையின் நுரையீரலும் மூளையும் குடலும் முதிர்ந்திலை. அவ்வயதில் வயிற்றினுள்ளே கழியும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு இலாபம். ஆனால் குன்றிய சூல்வித்தகத்தோடு கழியும் ஒவ்வொரு நாளும் ஓர் ஆபத்து. இந்த இலாபத்தையும் ஆபத்தையும் தராசின் இரு தட்டில் வைத்து நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பதே வைத்தியரின் வேலை. அதனால்தான் இந்நிலை நிமிடக் கணக்கான அவசரமுமன்று, மாதக் கணக்காகப் பொறுக்கக்கூடியதுமன்று. நாட் கணக்கு, சிலரில் சில வாரக் கணக்கு.

அனுமதித்த அன்று அவளுக்கு ஸ்ரெரொயிட் ஊசி ஒன்றும், 24 மணி நேரத்தின் பின்னர் மற்றொன்றும் போட்டார்கள். இவை தாய்க்கல்ல, அவளுடைய இரத்தத்தின் வழியே பிள்ளையிடம் சென்று நுரையீரலை விரைவில் முதிரச் செய்வன. மறுநாள் ஸ்கான் செய்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்தது: இறுதியோட்டம் மீண்டும் தோன்றியிருந்தது! அவளுடைய தாயார் மகிழ்ச்சி தாங்காமல், “ஐயா, ஓட்டம் வந்துவிட்டதல்லவா, இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்று கேட்டார். “அம்மா, இஃது ஊசியினால் வந்த வெளிச்சம், சூல்வித்தகம் திருந்தவில்லை. சில நாளில் இது மறைந்துவிடும்” என்றார் வைத்தியர். ஐந்தாம் நாள் அப்படியே ஆயிற்று. ஸ்ரெரொயிட் கொடுத்தபின் பலரில் இவ்வாறு ஓட்டம் தற்காலிகமாகத் திரும்புவதை வைத்தியர்கள் அறிவர். அறியாதவர்கள் இதை நம்பித் துண்டு வெட்டிச் செல்வதும், வீட்டிலே விபரீதம் நேர்வதும் உண்டு. இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இதனை வாசகர்கள் மறக்கலாகாது.

அதன்பின் நாள்தோறும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கருவியிற் பதிந்தார்கள். சுகமுள்ள பிள்ளையின் துடிப்பு ஒரே சீராக இராது. சிறிது ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும். அவ்வேற்றவிறக்கம் குறைந்து கோடு தட்டையாகிவருமானால் பிள்ளை களைக்கின்றது என்று பொருள். ஈரலினூடாக இதயத்துக்குப் புத்திரத்தத்தைக் கொண்டுசெல்லும் ஒரு சிறு நாளத்தின் அலையையும் பார்த்தார்கள். சூல்வித்தகத்தின் குறை இதயத்தையே தாக்கும்போது அந்நாளத்தின் அலை மாறும். தொப்புள் நாடி பாத்திகளின் நிலையைச் சொல்கின்றது. இவை இரண்டும் இறைப்பவனின் நிலையைச் சொல்கின்றன. 26-ம் வாரம் முதல் 32-ம் வாரம் வரையுள்ள இத்தகைய கர்ப்பிணிகளைப் பற்றி ஐரோப்பாவிலே பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ‘ட்ரஃபிள்’ என்னும் ஆய்வு, பிள்ளைகளின் இரண்டாம் வயதுவரை தொடர்ந்து பார்த்து 2015-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. அவ்வாறு கவனமாகக் காத்திருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை பிழைத்தன. அவற்றின் சராசரி நிறையோ ஒரு கிலோகிராம் அளவே!

தாயையும் மறந்துவிடவில்லை. 30-ம் வாரத்தில் அவளுடைய இரத்த அழுத்தம் 150-க்கு 100 ஆக ஏறியது. சிறுநீரிலே புரதமும் கண்டது. சூல்வித்தகத்தைக் குன்றச் செய்யும் அதே மூலக்காரணம் பல தாய்மாரில் இந்நோயையும் கொண்டுவருகின்றது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு ஆகியவை வந்தால் உடனே சொல்லவேண்டுமென்று தாதியர் அவளுக்குப் பலமுறை கூறினர்.

31 வாரமும் 2 நாளும் ஆன காலையில் இதயத் துடிப்பின் ஏற்றவிறக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. இனித் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிள்ளையின் மூளையைப் பாதுகாக்கும்பொருட்டு மக்னீசியம் சல்பேற்று என்னும் மருந்தைத் தாயின் நாளத்தில் ஏற்றினார்கள். பின்னர் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். சிறிய பிள்ளை சுகமாய்ப் பிறக்கும் என்ற பழைய எண்ணம் இங்கேதான் பொய்க்கின்றது. பிரசவ வேதனையில் கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் சூல்வித்தகத்துக்குச் செல்லும் தாயின் இரத்தம் சற்றுத் தடைப்படும். வளமுள்ள பிள்ளை அதைத் தாங்கும். இருப்பையெல்லாம் செலவிட்டுவிட்ட இப்பிள்ளை தாங்காது. வழி அகலமா ஒடுக்கமா என்பதன்று கேள்வி. வழிச்செலவுக்குக் கையில் என்ன இருக்கின்றது என்பதே கேள்வி.

பெண் குழந்தை, 1,010 கிராம். பிறந்தவுடன் மெல்ல அழுதது. சூடான பெட்டியில் வைத்து மூச்சுக்கு உதவினார்கள். இரண்டாம் நாள் தொடக்கம் தாயின் பாலை மிகச் சிறிது சிறிதாகக் குழாய் வழியே ஊட்டினார்கள். வயிற்றிலிருந்த காலத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கொடுத்து, குடலுக்குச் செல்லும் இரத்தத்தைப் பிள்ளை தானே குறைத்துக்கொண்டிருந்தது. ஆதலால் அக்குடல் எளிதில் அழற்சியுறும். வயிறு வீங்குகின்றதா, பச்சை நிறமாக வாந்தி வருகின்றதா என்று ஒவ்வொரு வேளையும் பார்த்தே அளவைக் கூட்டினார்கள். ஆறு வாரங்களுக்குப் பின்னர் 1,900 கிராம் நிறையோடு அக்குழந்தை வீடு சென்றது. கண், செவி, வளர்ச்சி ஆகியவற்றைச் சில ஆண்டுகள் தொடர்ந்து காட்டவேண்டுமென்று குறிப்பெழுதிக் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இம்முடிவு கிட்டுவதில்லை என்பதையும் மறைக்கமாட்டோம். 26-ம் வாரத்திலேயே ஓட்டம் அற்று, நிறையும் 500 கிராமைத் தாண்டாத பிள்ளையைக் காப்பது வெகு கடினம். அங்கே எடுப்பதா, காத்திருப்பதா என்பதைப் பெற்றோரோடு மனந்திறந்து பேசியே முடிவு செய்யவேண்டும்.

எடுத்துக்காட்டில் வந்தவளுக்கு 32-ம் வாரம்வரையும் செல்ல முடியவில்லை. மற்றைய குறிகள் நன்றாயிருந்தாலும், இறுதியோட்டம் இல்லாத பிள்ளையை 34-ம் வாரத்துக்கு மேல் உள்ளே வைத்திருப்பதில்லை. 32-க்கும் 34-க்கும் இடையில் எடுத்துவிடுவதே பெரும்பாலான ஆஸ்பத்திரிகளின் வழக்கம். ஓட்டம் நின்றதோடு அமையாமல் பின்னோக்கித் திரும்புமானால், அதாவது வாய்க்கால் நீர் கிணற்றுப் பக்கம் வருமானால், இன்னும் முந்தி, 30-க்கும் 32-க்கும் இடையிலேயே எடுப்பர்.

நல்ல சாப்பாட்டால் சரியாகிவிடும் என்ற மாமியாரின் கூற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் அன்பினால் சொன்னார். ஆயினும் உணவு போதாமையால் வந்த குறையன்று இது. தாயின் கலத்தில் எவ்வளவு சோறு இட்டாலும், பாத்தி வாய் அடைபட்டிருந்தால் பயிருக்குச் சேராது. அடைபட்டதைத் திறக்கும் மருந்தும் இன்றுவரை இல்லை. இரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனபில் என்னும் மருந்தைப் பரீட்சித்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு, பிறந்த சில பிள்ளைகளின் நுரையீரலுக்கு அது தீங்கு செய்திருக்கலாமென்ற அச்சத்தால் 2018-ம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே இந்நிலைக்கு உள்ள ஒரே சிகிச்சை தகுந்த நாளில் பிள்ளையை வெளியே எடுப்பதே. மகள் தின்னாமல் இருந்ததாலோ, மாடி ஏறியதாலோ இது வந்ததென்று அவளைக் குறைசொல்வது பெரும் பாவம். அடுத்த முறை கர்ப்பமாகும்போது 12-ம் வாரத்திலிருந்து, பிந்தினாலும் 16-ம் வாரத்துக்குள், சிறிய அளவில் அஸ்பிரின் உட்கொள்ளுமாறு வைத்தியர் கூறுவதுண்டு. அது அவர் சொன்னாலொழியத் தாமாக எடுக்கும் மருந்தன்று.

இப்பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யவேண்டுமா என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். ஆபத்துக் குறிகள் உள்ள கர்ப்பிணிகளிலேதான் இதன் பயன் தெளிவாகக் காணப்பட்டது. அத்தகையவர்களைக் குறித்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, இப்பரிசோதனை செய்யப்படாத தாய்மாரின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 17 பேரும், செய்யப்பட்டவர்களில் 12 பேரும் பிறப்பையொட்டி இறந்தமை தெரிந்தது. ஆபத்தில்லாத கர்ப்பிணிகளில் அவ்வாறு பயன் காணப்படவில்லை. மற்றொரு குறையும் உண்டு. எட்டரை மாதத்தின் பின்னர் வரும் வளர்ச்சிக் குறையில் சூல்வித்தகத்தின் பழுது சிறிதாயினும் பிள்ளையின் தேவை பெரிது. அங்கே தொப்புள் நாடியின் அலை நன்றாகவே தோன்றும், பிள்ளையோ வருந்திக்கொண்டிருக்கும். ஆகையால் “டொப்ளர் நல்லது” என்ற ஒரு வரியை நம்பி, பிள்ளையின் துடிப்புக் குறைந்தபோதும் வீட்டில் இருந்துவிடலாகாது.

கடிதம் எழுதிய அன்னைக்கு நாம் எழுதியதும் இவ்வளவே. மகளை வார்ட்டிலேயே விடுங்கள். வைத்தியரைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இறுதியோட்டம் இல்லாதிருக்கின்றதா, அல்லது பின்னோக்கித் திரும்பியுள்ளதா? பிள்ளையின் நுரையீரலுக்கான இரு ஊசிகளும் போட்டாயிற்றா? ஒரு கிலோகிராம் பிள்ளையைப் பராமரிக்கும் வசதி இவ்வாஸ்பத்திரியில் உண்டா, இல்லையேல் பிறக்குமுன்னரே வேறிடத்துக்கு மாற்றுவீர்களா? குறைமாதப் பிள்ளையைப் பிறந்தபின் வண்டியில் ஏற்றிச் செல்வதிலும், தாயின் வயிற்றிலே வைத்துக் கொண்டுசெல்வதே நல்லது. மகளுக்கு ஒரு வேலை உண்டு: பிள்ளையின் துடிப்பைக் கவனித்து, அது குறைந்ததாகத் தோன்றிய மாத்திரத்தில், இரவோ பகலோ, தாதியிடம் சொல்வது.

அவ்வன்னையிடமிருந்து சென்ற வாரம் மற்றொரு கடிதம் வந்தது. மாமியாரும் தாமும் முறைவைத்து வார்ட்டுக்குச் சென்று வருவதாகவும், மகளுக்கு இப்பொழுது 31-ம் வாரம் நடப்பதாகவும், மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கின்றார். ஓட்டம் இன்னும் திரும்பவில்லையாம். “இல்லை என்ற சொல்லைக் கேட்டு இப்போது நாங்கள் அழுவதில்லை, நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றோம்” என்பது அக்கடிதத்தின் கடைசி வரி.